கொளுக்கி, முலாம், அட்டை: படத்தை மட்டும் பார்த்துக் கவரிங் சங்கிலி எவ்வளவு காலம் தாங்கும் என்று சொல்ல முடியுமா?

காலிவீதி · மே 6, இரவு

கவரிங் சங்கிலி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். இருபத்து நான்கு அங்குலம், முறுக்குச் சங்கிலி, சிறிய பதக்கம், விலை 3,200 ரூபாய். விற்பவருக்குக் கடை இல்லை. முகப்புத்தகப் பக்கம் மட்டும்தான். 'இரண்டரை மைக்ரோன் தங்க முலாம், இரண்டு வருட உத்தரவாதம்' என்று போட்டிருக்கிறார். அதற்கு மேல் கேட்டால் இதயப் படம்தான் பதிலாக வருகிறது.

நான்கு படங்கள் உள்ளன. கழுத்தில் போட்ட படத்தை விட்டுவிடுங்கள், அதில் எந்தச் சங்கிலியும் அழகாகத்தான் இருக்கும். மற்ற மூன்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன். லொப்ஸ்டர் கொளுக்கி சங்கிலியைவிட ஒரு நிறம் கூடுதலான மஞ்சள். அதன் நெம்பு மடங்கும் இடத்தில், உள்ளே, சாம்பல் நிறம் தெரிகிறது. கொளுக்கியைச் சங்கிலியோடு சேர்க்கும் வளையத்தில் மயிரிழை அளவு இடைவெளி. பதக்கத்தின் பின்பக்கக் குழிகள் வெளிறியிருக்கின்றன. நான்காவது படத்தில் வெள்ளை அட்டையில் குத்திப் பொலித்தீன் பையில் போட்டிருக்கிறார்கள். அட்டையின் மேல் ஓரத்தில் மண்ணிறப் புள்ளி ஒன்று.

வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்கு 100ஆம் இலக்க பஸ்ஸில் தினமும் வேலைக்குப் போகிறவள் நான். இறங்கும்போது பின்கழுத்து நனைந்திருக்கும். இந்தச் சங்கிலி தாங்குமா?

காந்தக்காரன் · மே 6, இரவு

எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி? காந்தத்தைக் கொளுக்கியில் வைத்து ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, வாங்காதீர்கள். ஒட்டாவிட்டால் பித்தளை, வாங்குங்கள். முடிந்தது.

பழைய தொட்டி · மே 7, காலை

காந்தத்தைக் கொளுக்கியில் வைத்தால் நல்ல கொளுக்கியும் ஒட்டும். லொப்ஸ்டர் கொளுக்கிக்குள் நெம்பைத் தள்ளுவதற்கு ஒரு சின்ன ஸ்பிரிங் இருக்கிறது, அது உருக்கு. வெளியே பித்தளையாக இருந்தாலும் அந்த ஸ்பிரிங் காந்தத்தை இழுக்கும். காந்தத்தை வைக்க வேண்டியது சங்கிலியின் நடுவில். அங்கேயும் ஒட்டாவிட்டால் இரும்பு இல்லை என்பது மட்டும்தான் தெரியும். பித்தளையா, நாகக் கலவை வார்ப்பா என்பதைக் காந்தம் சொல்லாது.

கொழும்பு 13இல் முலாம் பூசும் பட்டறை ஒன்றில் வேலை செய்தவன் நான். இப்போது இல்லை, நுரையீரல் வேண்டாம் என்றுவிட்டது. தங்கச்சி எழுதியதை வைத்துச் சொல்கிறேன், படத்தை நான் பார்க்கவில்லை.

கொளுக்கி வேறு மஞ்சளாக இருப்பது குற்றமில்லை. சங்கிலியை மீற்றர் கணக்கில் ஓரிடத்தில் முலாம் பூசுவார்கள். கொளுக்கியைப் பையோடு வேறிடத்தில் வாங்கிக் கோப்பார்கள். அதனால் சங்கிலியின் ஆயுளும் கொளுக்கியின் ஆயுளும் இரண்டு தனிக் கணக்குகள்.

கவனிக்க வேண்டியது அந்தச் சாம்பல் நிறத்தைத்தான். மின்முலாம் எல்லா இடத்திலும் ஒரே தடிப்பில் ஏறாது. தொட்டியில் மின்சாரம் விளிம்புக்கும் மேட்டுக்கும் ஓடும், குழிக்குள் போகத் தயங்கும். மேட்டில் நன்றாக ஏறியிருக்கும்போது குழியில் பெயருக்குத்தான் ஏறியிருக்கும். தொட்டியில் நேரம் விட்டுப் பூசினால் குழியும் மஞ்சளாகிவிடும். குழி வெளிறிக் கிடந்தால் காட்டி எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். ஆகையால் பூவையும் கல்லையும் பார்க்காமல் பதக்கத்தின் பின்குழி, கொளுக்கியின் உள்மடிப்பு, வளையங்கள் ஒன்றை ஒன்று தொடும் இடம் ஆகிய மூன்றையும் பாருங்கள்.

காலிவீதி · மே 7, மதியம்

சாம்பல் என்றால் உள்ளே வெள்ளியா?

பழைய தொட்டி · மே 7, இரவு

3,200 ரூபாய்க்கா? நிக்கல். பித்தளைக்கும் தங்கத்துக்கும் நடுவில் நிக்கல் ஒரு படை பூசுவார்கள். அது இருப்பது நல்லது. நேராகப் பித்தளையிலோ செம்பிலோ தங்கத்தை மெல்லிதாகப் பூசினால், செம்பு மெதுவாகத் தங்கத்தின் ஊடே மேலே வந்துவிடும். நகையைப் போடாமல் வைத்திருந்தாலும் வரும். நடுவில் நிக்கல் இருந்தால் தடுக்கும். குழியில் சிவப்புத் தெரிந்திருந்தால் வாங்கவே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். சாம்பலாக இருப்பதால் அடியில் ஒழுங்காக வேலை செய்திருக்கிறார்கள், மேலே தங்கத்தில் கஞ்சத்தனம் செய்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

தெஹிவளை அன்ரி · மே 7, இரவு

போடாமலே கறுக்கும் என்று ஒருவராவது எழுதினீர்களே! மகளின் அரங்கேற்றத்துக்கு வாங்கிய முழு செட், தலைச்சாமான் முதல் ஒட்டியாணம் வரை, ஒரே ஒரு நாள் போட்டது. வீட்டுக்கு வந்ததும் துடைத்து, வாங்கிய பெட்டியிலேயே வைத்து, மூடி திறக்காமல் இருக்க றப்பர் பான்ட் போட்டு அலுமாரியில் வைத்தேன். அடுத்த வருடம் மருமகளுக்குக் கொடுக்க எடுத்தால் அட்டியலில் கறுப்புக் கோடு, ஒட்டியாணத்தில் மண்ணிறத் திட்டு. கடைக்காரர் 'பிள்ளையின் வியர்வை அப்படி' என்றார். என் மகளுக்கு வியர்வையே வராது! புளி போட்டுத் தேய்க்கலாமா?

பழைய தொட்டி · மே 8, காலை

புளி வேண்டாம் அக்கா. புளி செம்புக் குடத்துக்கு. முலாமில் தேய்த்தால் கறுப்போடு தங்கமும் போய்விடும்.

கறுப்புக் கோடு றப்பர் பான்ட் கிடந்த இடத்துக்கு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். றப்பரில் கந்தகம் இருக்கிறது, செம்பையும் வெள்ளியையும் கறுக்க வைக்கும். மூடியின் மேலே கட்டியிருந்தாலும் பெட்டிக்குள் அந்தக் காற்றுப் போகும். மண்ணிறத் திட்டு வேறு கதை. அது உள்ளிருந்து மேலே வந்த செம்பாக இருக்கலாம், அன்றைய வியர்வை இடுக்குகளில் நின்றதாகவும் இருக்கலாம். பொருளைப் பார்க்காமல் பிரித்துச் சொல்ல முடியாது.

தெஹிவளை அன்ரி · மே 8, காலை

கோடு நேராகத்தான் இருக்கிறது. கடைக்காரரை வீணாகத் திட்டினேன். திட்டியதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், ஒட்டியாணத்துக்கான பாதி அப்படியே இருக்கட்டும்.

காந்தக்காரன் · மே 8, இரவு

சரி, ஸ்பிரிங்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டரை மைக்ரோன் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறாரே, அது தடித்த முலாம்தானே? இணையத்தில் பார்த்தேன், அமெரிக்க வழிகாட்டு விதிகளில் வெள்ளியின் மேல் பூசி 'வெர்மே' என்று விற்க அதே இரண்டரை மைக்ரோன்தான் வேண்டும்.

பழைய தொட்டி · மே 9, காலை

அளவு சரி. ஆனால் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சங்கிலியை நேரான கம்பியாக நினையுங்கள்: நீளம் 60 சென்றிமீற்றர், தடிப்பு இரண்டரை மில்லிமீற்றர். மேற்பரப்பு ஏறக்குறைய 50 சதுர சென்றிமீற்றர் வரும். முறுக்குச் சங்கிலிக்கு இதைவிடக் கூடும், குறையாது. அதன் மேல் இரண்டரை மைக்ரோன் தங்கம் ஏற்றினால் கால் கிராமுக்குச் சற்றுக் குறைவாகத் தங்கம் போகும். இன்று செட்டியார் தெருவில் கால் கிராம் தங்கம் என்ன விலை என்று கேளுங்கள். சங்கிலி, கொளுக்கி, கூலி, அட்டை, விற்பவரின் இலாபம் எல்லாம் சேர்த்து 3,200 ரூபாய். அதற்குள் அந்தத் தங்கம் மட்டும் அடங்குமா?

இந்த விலையில் நான் எதிர்பார்ப்பது 0.1 அல்லது 0.2 மைக்ரோன். தங்கம் 0.02 கிராமைத் தாண்டாது. தொட்டியில் சில விநாடிகள் முக்கி எடுக்கும் வேலை.

காந்தக்காரன் · மே 9, காலை

அடியில் உள்ள செம்பு, நிக்கல் எல்லாவற்றையும் சேர்த்து இரண்டரை என்று சொல்லியிருப்பாரோ?

பழைய தொட்டி · மே 9, மதியம்

அப்படித்தான் இருக்க வேண்டும். நல்ல கேள்வி. 'மொத்த முலாம் எவ்வளவு, அதில் தங்கம் மட்டும் எவ்வளவு' என்று பிரித்துக் கேளுங்கள்.

காலிவீதி · மே 9, இரவு

பிரித்துக் கேட்டேன். 'முதல் தரம் சகோதரி' என்று பதில் வந்தது. இதயப் படமும் வந்தது.

இணைப்பு வளையத்து இடைவெளியைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே?

பழைய தொட்டி · மே 10, காலை

பற்றாசு வைக்காமல் குறட்டால் நெருக்கி மூடிய வளையம். நிறத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை, ஆனால் பஸ்ஸில் யாராவது பையால் இழுத்தால் அங்கேதான் விரியும். வெட்டிய வாயில் முலாம் இருக்காது என்பதும் உண்டு, வியர்வை அங்கே முதலில் கடிக்கும். கம்பி தடிப்பாக இருந்து வாய் இரண்டும் தட்டையாக முட்டினால் பரவாயில்லை. மெல்லிய கம்பியாக இருந்தால் வளையத்தை மாற்றிவிடுங்கள், புறக்கோட்டையில் மணி, நூல் விற்கும் கடைகளில் கொளுக்கியோடு சேர்த்தே கிடைக்கும். பழுதாகும் பகுதியை மட்டும் மாற்றலாம் என்பது கவரிங்கின் ஒரே அனுகூலம்.

பெட்டி கட்டுபவள் · மே 10, இரவு

நானும் முகப்புத்தகத்தில் நகை விற்கிறவள், மேலே சொன்ன விற்பனையாளர் நான் இல்லை! பொதி பற்றி யாரும் பேசாததால் எழுதுகிறேன். வெல்வெட் பெட்டியைப் பார்த்துத் தரத்தை எடைபோடாதீர்கள். அதைப் புறக்கோட்டையில் டசின் கணக்கில் தனியாக வாங்குகிறோம். 650 ரூபாய்த் தோட்டை 200 ரூபாய்ப் பெட்டியில் வைத்தால் 1,500க்குக் கேட்கலாம். கேட்டிருக்கிறேன்.

இன்னொன்று. படங்கள் பெரும்பாலும் மொத்த வியாபாரி அனுப்புகிறவை. இந்தியாவிலோ சீனாவிலோ யாரோ எடுத்த படம், யாருடைய கையோ. அதே படத்தை இன்னும் பத்துப் பக்கங்களில் பார்ப்பீர்கள். கொளுக்கியை எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் அது உங்களுக்கு வரப்போகிற கொளுக்கி அல்ல. ஒரு தாளில் இன்றைய திகதியை எழுதி, அதன் மேல் சங்கிலியை வைத்து, ஜன்னல் ஓரத்தில், பிளாஷ் போடாமல் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பொருள் கையில் இருப்பவர் அனுப்புவார்.

காலிவீதி · மே 11, காலை

இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். கேட்டிருக்கிறேன். அதற்குள் அந்த மண்ணிறப் புள்ளி?

பழைய தொட்டி · மே 11, இரவு

பெட்டியை நம்ப வேண்டாம், ஆனால் அட்டையைப் படிக்கலாம். நகை நாள்பட அட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தால், முலாமில் நுண்துளை இருக்கும் இடத்தில் உள்ளிருக்கும் உலோகம் ஈரத்தில் கசிந்து அட்டையில் கறை வைக்கும். குத்திய துளையைச் சுற்றிப் பச்சை என்றால் செம்பு அல்லது பித்தளை. வெள்ளைத் தூள் என்றால் நாகக் கலவை வார்ப்பு. மண்ணிறம் என்றால் இரும்பு. எந்தக் கறையாக இருந்தாலும் சரக்குப் பழையது, முலாம் ஏற்கெனவே தோற்கத் தொடங்கிவிட்டது. கொழும்பு ஈரத்தில் வெறும் அட்டையில் தொங்கவிட்ட தோட்டில் இதை அடிக்கடி பார்க்கலாம். வாய் மூடிய பொலித்தீன் பைக்குள் தனித்தனியாக வைத்ததில் குறைவு.

உங்கள் புள்ளி மேல் ஓரத்தில் இருக்கிறது என்றீர்கள். அங்கே பையை அட்டையோடு சேர்த்து ஸ்டேப்ளர் கம்பி அடித்திருப்பார்கள். துரு அந்தக் கம்பியுடையதாக இருக்கலாம்.

காந்தக்காரன் · மே 11, இரவு

அல்லது கொளுக்கி அந்த இடத்துக்கு நேர் பின்னால் இருக்கலாம். மண்ணிறம் என்றால் இரும்பு என்று நீங்களே சொன்னீர்கள். நான் முதல் நாளே சொன்னேன்.

தெஹிவளை அன்ரி · மே 12, காலை

தோடு என்றதும் ஞாபகம் வந்தது. எனக்கு எந்தக் கவரிங் தோடு போட்டாலும் காதுத் துளை சிவந்து நீர் வடிகிறது. சுரையையும் தண்டையும் நகப்பூச்சுப் பூசிப் போடுகிறேன், இரண்டு நாள் சரி, பிறகு மறுபடியும். முலாம் சரியில்லையா, என் காது சரியில்லையா?

பழைய தொட்டி · மே 12, இரவு

மேலே நான் புகழ்ந்தேனே, அதே நிக்கலாக இருக்கலாம். தங்கம் தேய்ந்ததும் தோலில் நிக்கல் படும். ஒவ்வாமை உள்ளவருக்கு நகப்பூச்சு போதாது. துளைக்குள் போகும் தண்டு நல்ல தங்கமாகவோ டைட்டேனியமாகவோ இருக்கட்டும், தொங்குவது எதுவாகவும் இருக்கட்டும். நீர் வடிந்தால் முதலில் வைத்தியரைப் பாருங்கள்.

சங்கிலிக்கு நகப்பூச்சு யாரும் முயலாதீர்கள். வளையங்கள் அசைவதால் வெடித்துச் செதில் செதிலாக உரியும், இடுக்கில் வியர்வை பிடித்து வைக்கும். தொழிற்சாலையில் பூசும் லக்கர் மெல்லியது, அது வேறு. அதையும் படத்தில் கண்டுபிடிக்கலாம்: குழிகளில் ஈரம் தேங்கியது போல் பளபளப்பு, சில வேளை சிறு குமிழி. லக்கர் உள்ள நகை புதிதில் நன்றாக நிற்கும், ஆனால் கொளுக்கிப் பக்கம் உரியத் தொடங்கினால் திட்டுத் திட்டாக அசிங்கமாகும்.

காலிவீதி · மே 14, இரவு

படம் வந்துவிட்டது! தாளில் திகதி, ஜன்னல் வெளிச்சம். இப்போது நான் பார்ப்பது: ஜன்னல் வெளிச்சத்தில் சங்கிலிக்கும் கொளுக்கிக்கும் நிற வித்தியாசம் முன்பு நினைத்ததைவிட அதிகம். சங்கிலி பச்சை கலந்த மஞ்சள், கொளுக்கி செம்மஞ்சள். முறுக்கின் இடுக்குகளில் மஞ்சள் இருக்கிறது, ஆனால் பதக்கத்தின் பின்குழி வெளிறித்தான் கிடக்கிறது. கொளுக்கியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கோடு, ஒட்டினாற்போல. நெம்பின் உள்மடிப்பு சாம்பல்தான். சிறு தகட்டில் '18கே ஜி.பி.' என்று குத்தியிருக்கிறது.

பழைய தொட்டி · மே 15, காலை

கோடு அச்சில் வார்த்த தடம். நாகக் கலவைக் கொளுக்கி. நெம்பு கெதியில் தளரும்.

'ஜி.பி.' என்றால் முலாம் பூசியது, அவ்வளவுதான். தடிப்பைச் சொல்லாது. அந்தத் தகடும் தனியாக வாங்கிக் கோப்பதுதான், எதை வேண்டுமானாலும் குத்திக்கொள்ளலாம்.

முறுக்கின் இடுக்கு மஞ்சளாக இருப்பது நல்ல செய்தி. சங்கிலிக்கு ஓரளவு நேரம் கொடுத்துப் பூசியிருக்கிறார்கள். பதக்கம் காட்டி எடுத்தது. என் கணிப்பு இது, எழுதித் தரமாட்டேன்: தினமும் பஸ்ஸில் போட்டுப் போனால் கொளுக்கியும் அதை ஒட்டிய சங்கிலியும் இரண்டு மூன்று மாதத்தில் நிறம் மாறும். பின்கழுத்தில் வியர்வையும் உராய்வும் ஒன்றாக இருப்பதால் எப்போதும் அங்கேதான் தொடங்கும். முன்பக்கச் சங்கிலி அதன் பிறகும் சில மாதம் நிற்கலாம். பதக்கத்தின் பின்பக்கம் சட்டையில் உரசும், அதை யாரும் பார்க்கப்போவதில்லை. கலியாணம், கோவில் என்று எப்போதாவது போட்டு, உடனே மென்மையான துணியால் துடைத்து, பைக்குள் வாய் மூடி வைத்தால் வருடக்கணக்கில் வரும். வாசனைத் திரவியம் அடித்து, அது காய்ந்த பிறகு சங்கிலியைப் போடுங்கள்.

தினமும் போடத்தான் வேண்டும் என்றால் இந்தப் பணத்துக்குத் துருப்பிடிக்காத உருக்கில் வெற்றிட முறையில் நிறம் ஏற்றியது பாருங்கள். அங்கே தங்கத்தின் தடிப்பைக் கணக்கிட்டுப் பயனில்லை, பெரும்பாலும் அடியில் டைட்டேனியம் நைட்ரைட் என்ற கடினமான படைதான் மஞ்சளைத் தாங்குகிறது. படத்தில் கொளுக்கியும் சங்கிலியும் ஒரே நிறமாக, வளையங்கள் தடிப்பாக, வாய் ஒட்டியதாக இருக்கும். ஒரு குறை: தேய்ந்தபின் நம் ஊர்ப் பட்டறையில் மறுபடி முலாம் பூசக் கொடுத்தால் சுலபத்தில் பிடிக்காது. பித்தளையில் பிடிக்கும்.

பெட்டி கட்டுபவள் · மே 15, மதியம்

உருக்கு என்று சொல்லிப் பித்தளை விற்பவர்களும் இருக்கிறார்கள். இந்த இடத்தில் காந்தக்காரரின் காந்தமும் உதவாது, நல்ல உருக்கும் அநேகமாக ஒட்டாது.

காந்தக்காரன் · மே 15, மதியம்

என் காந்தத்தை எல்லோரும் விட்டுவிடுங்கள்.

காலிவீதி · மே 16, இரவு

பதக்கத்தை விட்டுச் சங்கிலியை மட்டும் தருவாரா என்று கேட்டேன், 2,400 என்றார். கொளுக்கியை நானே மாற்றிக்கொள்வேன். வேலைக்கு உருக்கு, கலியாண வீட்டுக்கு இது என்று யோசிக்கிறேன். இரண்டு வருட உத்தரவாதம் என்ன என்றும் கேட்டேன்: நிறம் போனால் கொண்டுவந்து கொடுத்தால் பாதி விலைக்கு மெருகு போட்டுத் தருவாராம். கடையே இல்லாதவரிடம் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று கேட்டதற்கு இதயப் படம் வந்தது.

பழைய தொட்டி · மே 16, இரவு

மெருகு போடுவதென்றால் தேய்த்துப் பளபளப்பாக்குவதா, மறுபடி தொட்டியில் முலாம் ஏற்றுவதா என்று கேளுங்கள். தேய்த்தால் இருக்கும் தங்கமும் போய்விடும்.

காலிவீதி · மே 17, காலை

கேட்கிறேன். அந்த மண்ணிறப் புள்ளிக்காகச் சங்கிலியை அட்டையிலிருந்து கழற்றிப் பின்பக்கத்தைக் காட்டச் சொன்னேன். கழற்றினால் புதுச் சரக்கு என்று விற்க முடியாதாம்.

காந்தக்காரன் · மே 17, காலை

கொளுக்கிதான்.

பழைய தொட்டி · மே 17, மதியம்

ஸ்டேப்ளர்.